நுகர்வோர் புகார் மனுவை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது கூட்டுத்தொகையைத் திருத்தலாமா?

பனங்காடு – 4 மார்ச், காலை 9.12

அம்மா 2024-ல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தமிழில் போட்ட புகார். வீட்டு மாடியில் சோலார் வைத்துத் தந்த நிறுவனத்தின் மேல். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி மாவட்டத்தில் உத்தரவு வந்தது, சென்னையில் மாநில ஆணையம் அதை ரத்து செய்துவிட்டது. இப்போது டெல்லி தேசிய ஆணையத்துக்குப் போகிறோம். தமிழில் உள்ள எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் வேண்டும் என்று அங்கே உள்ள வக்கீல் சொல்லிவிட்டார். மனு 17 பத்தி. நானே பெயர்க்கிறேன்.

சிக்கல் கோரிக்கைப் பத்தியில். எண்ணில் ரூ.3,19,750 என்று இருக்கிறது. பக்கத்திலேயே எழுத்தில் "மூன்று லட்சத்து பதிமூன்றாயிரத்து ஐந்நூறு மட்டும்" என்று இருக்கிறது. உள்ளே வரும் தொகைகளைக் கூட்டினால் எண்தான் சரி. ஆங்கிலத்தில் எழுத்தையும் எண்ணுக்கு ஏற்ப மாற்றிவிடலாமா?

சூரியன்77 – 4 மார்ச், காலை 9.40

மாற்றிவிடுங்கள். டெல்லியில் தமிழ் யார் படிக்கப் போகிறார்கள், ஆங்கிலத்தைத்தான் பார்ப்பார்கள். ஆனால் எண்ணை மாற்றி எழுத்தை வையுங்கள். காசோலையில் எழுத்தும் எண்ணும் முரண்பட்டால் எழுத்துதான் செல்லும், அது சட்டம்.

பனங்காடு – 4 மார்ச், காலை 9.55

எழுத்தை வைத்தால் அம்மாவுக்கு 6,250 ரூபாய் போய்விடும். அந்த 6,250 எலக்ட்ரீஷியன் வந்து சோதித்துச் சீட்டு எழுதித் தந்ததற்கான செலவு. மனு எழுதியவர் முதல் வரைவில் அதைச் சேர்க்காமல் 3,13,500 என்று போட்டிருக்கிறார். பிறகு செலவைச் சேர்த்து எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறார், எழுத்து அப்படியே நின்றுவிட்டது. கணக்கு இது: கொடுத்த பணம் 1,98,500, மன உளைச்சலுக்கு 1,00,000, வழக்குச் செலவு 15,000, சோதனைச் செலவு 6,250.

பழைய பெஞ்ச் கிளார்க் – 4 மார்ச், காலை 11.20

அம்மா, ரெண்டையும் தொடாதீங்க. காசோலைக்குச் சொன்ன விதி மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் இருப்பது, அதில் சூரியன் சொல்வது சரிதான். ஆனால் புகார் மனு காசோலை இல்லை. மனுவில் முரண் இருந்தால் மொத்த மனுவையும் வாசித்து, கூறு கூறாகக் கேட்ட தொகையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

டெல்லியில் தமிழ் யார் படிக்கிறார்கள் என்பதும் சரியில்லை. எதிர்த்தரப்பு படிக்கும். மனுவின் தமிழ் நகல் அவர்களிடம் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. உங்கள் ஆங்கிலத்தில் 3,19,750-ம் எழுத்தும் ஒத்துப்போகிறது, மூலத்தில் ஒத்துப்போகவில்லை என்று அவர்கள் ஒரு தாளைக் காட்டினால் போதும். அப்புறம் உங்கள் மொழிபெயர்ப்பில் எந்த வரியையும் யாரும் நம்பமாட்டார்கள். சின்னத் தட்டச்சுப் பிழையாக இருந்தது, திருத்திக் கொடுத்ததால் பெரிய குற்றச்சாட்டாகிவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். எண்ணை எண்ணாக, எழுத்தை எழுத்தாக, இருக்கிறபடியே பெயருங்கள். அதே இடத்தில் சதுர அடைப்புக்குள் "மூலத்தில் இவ்வாறே உள்ளது, மொழிபெயர்ப்பாளர் குறிப்பு" என்று ஒரு வரி போடுங்கள். எது சரி என்பதை மொழிபெயர்ப்பாளர் சொல்லக்கூடாது. அதை வக்கீல் டெல்லி மனுவில் சொல்லட்டும், அம்மா வாக்குமூலத்தில் உறுதிமொழியோடு சொல்லட்டும்.

தர்மபுரி வாசகன் – 4 மார்ச், மதியம் 1.05

எனக்கும் இதே மாதிரிதான், வாஷிங் மெஷின் விஷயத்தில். நுகர்வோர் கோர்ட்டுக்கு வக்கீலே வேண்டாம், நாமே வாதாடலாம். நான் நேரில் போய் ஜெயித்தேன். இதற்கெல்லாம் டெல்லி வக்கீல் எதற்கு?

பனங்காடு – 4 மார்ச், மதியம் 1.30

நேரில் வாதாடலாம், தெரியும். அம்மாவுக்கு 68 வயது, டெல்லிக்கு அலைய முடியாது. கேள்வி மொழிபெயர்ப்பைப் பற்றியது.

கிளார்க் ஐயா சொன்னது பிடிபட்டது. வேறு தொகைகளையும் பார்த்துக்கொண்டு வருகிறேன். ஒரே மனுவில் "விலை" என்று 1,98,500-ம், "கோரும் தொகை" என்று 3,19,750-ம் வருகிறது. ஆங்கிலத்தில் இரண்டையும் "மதிப்பு" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டால் வாக்கியம் சுருங்குகிறது. வைக்கலாமா?

திருச்சி மொழிபெயர்ப்பாளர் – 4 மார்ச், மாலை 6.48

வைக்காதீர்கள். 1986 சட்டத்தில் பொருளின் விலையையும் கேட்கும் இழப்பீட்டையும் சேர்த்துத்தான் எந்த ஆணையம் விசாரிக்கும் என்று பார்த்தார்கள். 2019 சட்டத்தில் அது மாறிவிட்டது. இப்போது நுகர்வோர் கொடுத்த தொகை மட்டும்தான் கணக்கு. 2021 டிசம்பரில் வந்த விதிப்படி 50 லட்சம் வரை மாவட்டம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநிலம், அதையும் தாண்டினால் தேசியம். கட்டணமும் கொடுத்த தொகையைப் பொறுத்ததுதான். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது.

உங்கள் வழக்கில் இரண்டு எண்ணுமே மாவட்ட எல்லைக்குள்தான் இருக்கின்றன, ஆபத்து இல்லை. ஆனாலும் மனு எழுதியவர் வேண்டுமென்றேதான் இரண்டையும் பிரித்து எழுதியிருக்கிறார். கொடுத்தது ஒன்று, கேட்பது ஒன்று. ஆங்கிலத்திலும் பிரிந்தே நிற்கட்டும்.

லட்சத்துக்கு உரிய கமாவை மாற்றாதீர்கள். `Rs.1,98,500/-` என்பதை `198,500` என்று ஆக்கிவிடும் பழக்கம் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்பவர்களிடம் உண்டு. உத்தரவில் ஒரு வடிவம், உங்களிடம் ஒரு வடிவம் என்று இருந்தால் சரிபார்க்கிறவர் ஒவ்வொரு தொகையிலும் ஒருமுறை நின்று யோசிக்க வேண்டிவரும்.

சூரியன்77 – 4 மார்ச், இரவு 8.10

கோரும் தொகையை வைத்துத்தான் ஆணையம் என்று எங்கள் ஊரில் 2018-ல் சொன்னார்கள்.

திருச்சி மொழிபெயர்ப்பாளர் – 4 மார்ச், இரவு 8.22

2018-ல் சொன்னது 2018-க்குச் சரி. புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலையில்.

பனங்காடு – 5 மார்ச், காலை 7.30

தேதிக்கு வருகிறேன். ஐந்தாம் பத்தியில் அம்மா சொன்னபடியே எழுதியிருக்கிறார்கள்: "ஆடிப்பெருக்கு அன்று மீதித் தொகை ரூ.1,48,500 ரொக்கமாகக் கொடுத்தேன்." ஆண்டு இல்லை, ஆங்கிலத் தேதியும் இல்லை. ரசீதில் 03.08.2023 என்று தெளிவாக இருக்கிறது. இங்கேயாவது தேதியை வாக்கியத்துக்குள் போடலாம்தானே? இது திருத்தம் இல்லை, விளக்கம்.

திருச்சி மொழிபெயர்ப்பாளர் – 5 மார்ச், காலை 8.15

நான் போடுவேன். டெல்லியில் படிப்பவருக்கு ஆடிப்பெருக்கு என்றால் எந்த மாதம் என்றே தெரியாது. "2023 ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு நாளில்" என்று எழுதிவிடுவேன்.

பழைய பெஞ்ச் கிளார்க் – 5 மார்ச், காலை 10.02

நான் போடமாட்டேன். ஆடிப்பெருக்கு என்று அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டு, அடியில் குறிப்பாக "தமிழ் ஆடி மாதம் 18-ஆம் நாள், ரசீதில் உள்ள தேதி 03.08.2023" என்று போடுவேன். இரண்டும் ஒரே செய்தியைத்தான் சொல்கிறது. ஆனால் வாக்கியத்துக்குள் போட்டால் அது அம்மா சொன்ன தேதி ஆகிவிடும். அடிக்குறிப்பில் போட்டால் ரசீது சொல்லும் தேதியாக நிற்கும்.

ஏன் பிரித்துச் சொல்கிறேன் என்றால், எதிர்த்தரப்பு அந்த ரசீதையே மறுக்கலாம். "அன்றைக்கு எங்கள் அலுவலகமே திறக்கவில்லை, ரசீது பின்னால் போட்டது" என்று சொன்னால், அம்மா மனுவில் தேதியே சொல்லவில்லை என்பதற்கும் தேதி சொன்னார் என்பதற்கும் வித்தியாசம் உண்டு. அது யாருக்குச் சாதகம் என்பது வழக்கைப் பொறுத்தது. சாதகம் பார்த்து முடிவு செய்வது நம் வேலை இல்லை.

இன்னொன்று. பஞ்சாங்கத்தைப் பார்த்து நாமே தேதி கண்டுபிடிக்கக்கூடாது. ஆடி 18 சில ஆண்டு ஆகஸ்ட் 2-ல் வரும், சில ஆண்டு 3-ல் வரும். ரசீது இருப்பதால்தான் அடிக்குறிப்பே. இல்லையென்றால் "ஆடி 18" என்பதோடு நின்றுவிட வேண்டும்.

பனங்காடு – 5 மார்ச், காலை 10.40

அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்கிறேன். திருச்சி அக்காவுக்கு இதில் ஒப்புதல் இல்லை என்று தெரிகிறது.

திருச்சி மொழிபெயர்ப்பாளர் – 5 மார்ச், காலை 10.51

இல்லைதான். அடிக்குறிப்புகள் கூடக்கூட, எதையோ மறைக்கிறார்கள் என்ற எண்ணம் வரும். ஆனால் பணம் கொடுத்த தேதி என்பதால் ஐயா சொல்வதை ஒதுக்கவும் முடியவில்லை. வட்டி அந்தத் தேதியிலிருந்து ஓடும்.

வட்டி என்றதும் நினைவு வருகிறது, உங்கள் மனுவில் வட்டி எப்படிச் சொல்லியிருக்கிறது?

பனங்காடு – 5 மார்ச், காலை 11.15

பதினான்காம் பத்தியில் "நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியுடன்" என்று. கோரிக்கைப் பத்தியில் "ஆண்டுக்கு 12 சதவீத வட்டியுடன்" என்று. இரண்டும் வேறு வேறு வட்டியா என்று குழப்பமாக இருக்கிறது.

திருச்சி மொழிபெயர்ப்பாளர் – 5 மார்ச், காலை 11.32

ஒன்றுதான். ஊரில் நூற்றுக்கு ஒரு ரூபாய் என்றால் மாதத்துக்கு. 12 மாதம் 12 ரூபாய். ஆனால் வாக்கியத்தில் "மாதம்" என்ற சொல்லே இல்லை பாருங்கள். அதை "ஒரு சதவீத வட்டி" என்று ஆங்கிலத்தில் எழுதினால், படிப்பவர் ஆண்டுக்கு ஒரு சதவீதம் என்றுதான் எடுத்துக்கொள்வார். 1,98,500-க்கு ஆண்டு வட்டி 23,820 ரூபாய் வர வேண்டியது 1,985 ஆகிவிடும்.

அதனால் "நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய்" என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டு, குறிப்பில் "பேச்சு வழக்கில் இது மாத வட்டி, கோரிக்கைப் பத்தியில் ஆண்டுக்கு 12 சதவீதம் என உள்ளது" என்று போடுங்கள். இங்கே குறிப்பு இல்லாமல் முடியாது, இதில் நானும் கிளார்க் ஐயாவும் ஒரே பக்கம்.

பழைய பெஞ்ச் கிளார்க் – 5 மார்ச், மதியம் 12.20

ஒரே பக்கம்தான். வட்டி எந்தத் தேதியிலிருந்து, எதுவரை என்பதையும் பாருங்க. பணம் கொடுத்த நாளிலிருந்தா, புகார் போட்ட நாளிலிருந்தா, பணம் கைக்கு வரும்வரையா, உத்தரவு வரும்வரையா. தமிழில் "அன்று முதல்" என்று மொட்டையாக இருக்கும். முன் வாக்கியத்தில் இரண்டு தேதி இருந்தால் "அன்று" எதைக் குறிக்கிறது என்று தெரியாது. தெரியாததைத் தெரியாததாகவே பெயர்க்கணும்.

பனங்காடு – 6 மார்ச், மாலை 5.05

இரண்டு நாளாக இதே வேலை. ஆவண எண்ணில்தான் தலை சுற்றுகிறது. மனுவின் கடைசியில் ஆவணப் பட்டியல் இருக்கிறது. 1 விலைப்புள்ளி, 2 முன்பண ரசீது (50,000, 03.07.2023), 3 மீதித் தொகை ரசீது, 4 பில்லும் வாரண்டி அட்டையும், 5 எலக்ட்ரீஷியன் சோதனைச் சீட்டு, 6 வக்கீல் நோட்டீஸ், 7 ஒப்புகை அட்டை.

மனு உள்ளே "ஆவணம் 6-ஐக் காண்க" என்று நோட்டீஸைச் சொல்கிறார்கள். மாவட்ட ஆணைய உத்தரவை எடுத்துப் பார்த்தால் சான்றாவணம் ஏ6 என்பது எலக்ட்ரீஷியன் சீட்டு! நோட்டீஸ் ஏ7-ல் இருக்கிறது. முதலில் ஆணையம்தான் மாற்றி எழுதிவிட்டது என்று நினைத்தேன்.

பழைய பெஞ்ச் கிளார்க் – 6 மார்ச், மாலை 5.40

ஆணையம் மாற்றவில்லை. நிரூபண வாக்குமூலத்தோடு ஆவணங்களைக் குறியீடு செய்யும்போது பில் தனி, வாரண்டி அட்டை தனி என்று பிரித்திருப்பார்கள். பில் ஏ4, வாரண்டி ஏ5. அதிலிருந்து எல்லாம் ஒன்று தள்ளிப்போயிருக்கும். அடிக்கடி நடக்கிறதுதான். சில சமயம் நகல் மட்டும் இருக்கிறது என்று ஒரு தாளை எதிர்த்தரப்பு ஆட்சேபித்து, அது குறியீடு ஆகாமல் போய், எண் முன்னால் நகர்ந்துவிடும்.

சூரியன்77 – 6 மார்ச், மாலை 6.00

அப்ப மொழிபெயர்ப்பில் ஏ எண்ணையே போட்டுவிடலாம், கடைசியில் எல்லாரும் பார்க்கிறது உத்தரவைத்தானே.

பழைய பெஞ்ச் கிளார்க் – 6 மார்ச், மாலை 6.25

தம்பி, புகார் மனு போட்ட அன்றைக்கு ஏ எண் என்று ஒன்று பிறக்கவே இல்லை. பின்னால் பிறந்த எண்ணை முன்னால் எழுதிய மனுவுக்குள் நுழைத்தால், அந்த மனுவே பின்னால் எழுதியது போலத் தெரியும். மனுவில் "ஆவணம் 6" என்றால் ஆங்கிலத்திலும் ஆவணம் 6. பத்தி எண் 17-ம் அப்படியே. ஒரு நீண்ட பத்தியை இரண்டாக உடைத்தால்கூட, உத்தரவில் "புகார் மனு 9-ஆம் பத்தி" என்று வருவது வேறு எதையோ காட்டும்.

ஆனால் சூரியன் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. படிப்பவருக்கு இரண்டையும் இணைக்க ஒரு வழி வேண்டும். அதற்குத் தனியாக ஒரு தாளில் பட்டியல் போடலாம். இடப்பக்கம் மனுவின் ஆவண எண், நடுவில் என்ன ஆவணம், என்ன தேதி, வலப்பக்கம் சான்றாவண எண். அந்தத் தாள் மொழிபெயர்ப்பின் பகுதி இல்லை, வக்கீல் தரும் உதவித் தாள். அவர் கையெழுத்தில் போகட்டும்.

பனங்காடு – 6 மார்ச், இரவு 9.50

பட்டியலைப் போட்டுப் பார்த்தேன், ஏழு வரி எட்டு வரியானது. மாநில ஆணைய உத்தரவை அதை வைத்து மறுபடி படித்தேன். அவர்கள் "நோட்டீஸ் சான்றாவணம் ஏ6" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறார்கள். அதாவது மனுவின் எண்ணை ஏ எண்ணாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சோதனைச் சீட்டைப் பற்றி அந்த உத்தரவில் ஒரு வரிகூட இல்லை. அம்மா தரப்பில் தொழில்நுட்ப ஆதாரமே இல்லை என்று தள்ளியிருக்கிறார்கள். கையெல்லாம் நடுங்கிவிட்டது.

பழைய பெஞ்ச் கிளார்க் – 6 மார்ச், இரவு 10.15

உடனே வக்கீலுக்கு அனுப்புங்க அம்மா. அந்தச் சீட்டைப் பார்த்தும் ஏற்கவில்லையா, பார்க்கவே இல்லையா என்பது நமக்குத் தெரியாது. எண் மாறியதால்தான் என்று இங்கிருந்து உறுதியாகச் சொல்லவும் முடியாது. ஆனால் கோப்பில் இருந்த ஆவணம் உத்தரவில் பேசப்படவில்லை என்பது வக்கீலுக்கு வேண்டிய செய்தி.

தர்மபுரி வாசகன் – 7 மார்ச், காலை 6.45

என் பில் தெர்மல் பேப்பர். இரண்டு வருஷத்தில் வெள்ளைத் தாளாகிவிட்டது. நல்லவேளை வாங்கின வாரமே ஜெராக்ஸ் எடுத்தேன். அதில் தொகை தெரியுது, தேதியில் ஒரு எழுத்து தெரியல. அதை எப்படி எழுதுவது?

திருச்சி மொழிபெயர்ப்பாளர் – 7 மார்ச், காலை 7.20

தெரிகிற எழுத்தை எழுதி, தெரியாத இடத்தில் சதுர அடைப்பில் "தெளிவில்லை" என்று போடுங்கள். 1 மாதிரியும் 7 மாதிரியும் தெரிகிறது என்றால்கூட ஊகித்து ஒன்றைப் போடக்கூடாது. அந்தத் தேதிதான் இரண்டு ஆண்டுக் காலவரம்பின் தொடக்கம் என்று வந்துவிட்டால், உங்கள் ஊகம் வழக்கின் உயிரையே தொடும்.

பனங்காடு – 8 மார்ச், மாலை 4.30

முதல் வரைவு முடிந்தது. சரிபார்க்க என்ன செய்தேன் என்று சொல்கிறேன், யாருக்காவது உதவும். இரண்டு கோப்பையும் வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்து, எண்களை மட்டும் உருவி ஒப்பிட்டேன்.

```
grep -oE '[0-9]+([.,/][0-9]+)*' ta.txt | sort > a.txt
grep -oE '[0-9]+([.,/][0-9]+)*' en.txt | sort > b.txt
diff a.txt b.txt
```

ஒரு பத்தியில் 1,48,500 என்பது 1,45,800 ஆகியிருந்ததை இது பிடித்துக் கொடுத்தது. வரிசைப்படுத்தாமல் ஒப்பிட்டால் பயனில்லை. தமிழில் வினை கடைசியில் வருவதால் ஒரே வாக்கியத்தில் தேதியும் தொகையும் ஆங்கிலத்தில் இடம் மாறும், எல்லா வரியும் தவறு என்று காட்டும்.

திருச்சி மொழிபெயர்ப்பாளர் – 8 மார்ச், மாலை 5.10

நல்ல வழி. ஆனால் வரிசைப்படுத்திவிட்டதால் இரண்டு தேதிகள் ஒன்றின் இடத்தில் ஒன்று போயிருந்தால் இது சும்மா இருக்கும். நோட்டீஸ் அனுப்பிய 14.02.2024-ம் கிடைத்த 19.02.2024-ம் இடம் மாறினால், இரண்டு கோப்பிலும் அதே எண்கள்தானே. எழுத்தில் எழுதிய தொகையும் இதில் சிக்காது. யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்து, அவர் தமிழை வாசிக்க நீங்கள் ஆங்கிலத்தில் டிக் போடுங்கள். தொகையை "ஒன்று, நான்கு, எட்டு" என்று இலக்கம் இலக்கமாக வாசிக்க வேண்டும். லட்சம் என்று சேர்த்துச் சொன்னால் காது தானாகச் சரியாக்கிக்கொள்ளும்.

பனங்காடு – 9 மார்ச், இரவு 8.40

அம்மாவை உட்காரவைத்து வாசித்தோம். பத்தாம் பத்தியில் அக்கா சொன்னதேதான், அனுப்பிய தேதியும் கிடைத்த தேதியும் இடம் மாறியிருந்தது. பதில் தர 15 நாள் என்று நோட்டீஸில் கொடுத்திருந்த கெடு, கிடைத்த நாளிலிருந்து எண்ணப்படுவது. மாறியிருந்தால் அந்தப் பத்தியே பொருளில்லாமல் போயிருக்கும்.

இன்னும் ஒன்று பாக்கி. நிறுவனத்துக்காரர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய தமிழ்ச் செய்திகளின் திரைப்பிடிப்பு. இதை வக்கீல் புதிதாகச் சேர்க்க அனுமதி கேட்கப் போகிறார். செய்திக்கு மேல் தேதி இல்லை, `Yesterday` என்றுதான் இருக்கிறது. எந்த நாளில் பிடித்தது என்று அம்மாவுக்கு நினைவில்லை.

பழைய பெஞ்ச் கிளார்க் – 9 மார்ச், இரவு 9.05

அந்தச் சொல்லை அப்படியே விடுங்க. போனில் அந்த உரையாடல் இன்னும் இருந்தால், இன்றைக்குத் திறந்து பார்த்தால் உண்மையான தேதியே காட்டும். புதிதாகப் பிடித்து அதையும் கொடுங்க. மின்னணுச் சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை 1-லிருந்து பாரதிய சாட்சிய அதிநியம் 63-ஆம் பிரிவு, முன்னால் 65பி. சேர்க்க விடுவார்களா என்பது ஆணையத்தின் கையில்.

பனங்காடு – 9 மார்ச், இரவு 9.31

அம்மா போனை மாற்றிவிட்டார், பழைய போன் தம்பியிடம் இருக்கிறது. நாளை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.